அப்ரண்டிஸ் கடிதங்களைப் பட்டியலாக்குவது: மதுரை வாசகர்களின் கேள்விகள்

கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலை பார்க்கிறேன். அப்ரண்டிஸ் கடிதங்களிலிருந்து மாத உதவித்தொகையை எடுத்தால், ஒரே கம்பெனி, ஒரு பேட்சுக்கு ரூ.9,000, அடுத்த பேட்சுக்கு ரூ.4,500 என்று எக்செலில் வருகிறது. பாதியாகக் குறைத்துவிட்டார்களா? (பசுமலை)

பெரும்பாலும் குறைத்திருக்க மாட்டார்கள். உங்கள் மாணவர்கள் மத்திய அரசின் நாட்ஸ் தொழிற்பழகுநர் திட்டத்தில் சேர்ந்த பட்டதாரிகள் என்றால், 2019 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டபோது குறைந்தபட்ச உதவித்தொகை ரூ.9,000 ஆனது. டிப்ளமோவுக்கு ரூ.8,000. இதில் பாதியை அரசு தருகிறது. முதல் கடிதத்தில் கம்பெனி முழுத் தொகையையும் எழுதியிருக்கும். அடுத்ததில் "நிறுவனம் ரூ.4,500 வழங்கும்" என்று தன் பங்கை மட்டும் எழுதிவிட்டு, அரசுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதை இரண்டு பத்தி தள்ளிச் சொல்லியிருக்கும். ரூபாய்க்குப் பக்கத்தில் இருக்கும் முதல் எண்ணை மட்டும் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால் நிறுவனப் பங்கு, அரசுப் பங்கு, மொத்தம் என்று எக்செலில் மூன்று நெடுவரிசைகள் வையுங்கள். பட்டதாரிக்கு 4,500, டிப்ளமோவுக்கு 4,000 என்று வந்தால் அந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். அரசுப் பங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் நீங்களாக 9,000 என்று நிரப்ப வேண்டாம். கம்பெனியிடம் கேட்டு, கேட்டு எழுதியது என்று குறித்து வையுங்கள். இன்னொன்று, 2019 திருத்தத்துக்கு முந்தைய பேட்சில் பட்டதாரிக்கு 4,984, டிப்ளமோவுக்கு 3,542 என்று இருந்தால் அது தட்டச்சுப் பிழை இல்லை. அன்றைய தொகையே அதுதான், கை வைக்காதீர்கள்.

01.08.2022 முதல் 31.07.2023 வரை உள்ள கடிதத்துக்குக் கணக்கு 11 மாதம் என்று காட்டுகிறது. (திருமங்கலம்)

கடைசி நாளும் பயிற்சி நாள்தான். முடிவுத் தேதியோடு ஒரு நாள் கூட்டிவிட்டுக் கழித்தால் சரியாக 12 மாதம் வரும். அப்புறம், கடிதத்தில் இருப்பது வெளியிட்ட தேதியா, சேரும் தேதியா என்று பாருங்கள். ஆகஸ்ட் 1 என்று போட்டுவிட்டு, பையன் 16ஆம் தேதி சேர்ந்திருக்கலாம். அப்போது திட்டத்தின் போர்ட்டலில் பதிவான ஒப்பந்தத் தேதியைத்தான் எடுக்க வேண்டும்.

சான்றிதழ் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. "இல்லை" என்று போடலாமா? (மேலூர்)

போடாதீர்கள். "குறிப்பிடவில்லை" என்று எழுதுங்கள். நாட்ஸ் அப்ரண்டிஸுக்குச் சான்றிதழ் கொடுப்பது சென்னையில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம். அதனால் கம்பெனி கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லாமல் இருக்கலாம். ஐடிஐ முடித்து டிரேடில் பழகுபவருக்குத் தேர்வு எழுதித் தேறினால்தான் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். இன்டர்ன்ஷிப்பில் கம்பெனி தருவது மட்டும்தான். அதிலும் "திருப்திகரமாக முடித்தால்" என்ற நிபந்தனை இருக்கும். யார் தருவது, எந்த நிபந்தனையில் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.