வோன் கணக்கில் குறைந்த 44,450 ரூபாய்: நூற்றுக்குச் சொல்லும் ரேட்டை ஒன்றுக்கு மாற்றி எழுதலாமா?

*கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். இயந்திர உதிரிபாகங்கள் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகின்றன. டாலருக்குப் போட்ட எக்செல் சூத்திரத்தையே யென்னுக்கும் போட்டபோது பத்து கோடி என்று வந்தது. ரேட் நூறு யென்னுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு யென்னுக்கு, ஒரு வோனுக்கு என்று மாற்றி எழுதிவைத்துவிட்டேன். இப்போது 18,45,000 யென் என் ஷீட்டில் 10,70,100 ரூபாய்; சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியில் 10,76,557.50. இதை ஏதோ கட்டணம் என்று விட்டுவிட்டேன். ஆனால் 1,27,00,000 வோன் என் ஷீட்டில் 7,62,000, அங்கே 8,06,450. சரக்குக் கட்டணமும் காப்பீடும் இன்வாய்ஸ் விலைக்குள்ளேயே இருக்கின்றன. தவறு யாருடையது?*

தவறு உங்கள் ஷீட்டில்தான். இரண்டு வித்தியாசங்களுக்கும் காரணம் ஒன்றே. ஆறாயிரத்துச் சொச்சம் கட்டணம் அல்ல.

உங்கள் ரூபாய்த் தொகையை வோன் தொகையால் வகுத்துப் பாருங்கள். 7,62,000 ÷ 1,27,00,000 = 0.06. மிச்சமே இல்லாமல் 0.06. சுங்கக் கணக்கில் அதையே செய்தால் 8,06,450 ÷ 1,27,00,000 = 0.0635. அதாவது அன்றைய சுங்க விகிதப் பட்டியலில் 100 வோனுக்கு 6.35 ரூபாய் இருந்திருக்கிறது. நீங்கள் அதை நூறால் வகுத்தீர்கள், அது சரி. வகுத்து வந்த 0.0635-ஐ ரூபாய்க்கு இரண்டு தசமம் போதும் என்று 0.06 ஆக்கிவிட்டீர்கள். அங்கேதான் பணம் போயிற்று. யென்னிலும் இதுவே நடந்திருக்கிறது: 58.35 என்பது 0.5835 ஆகி, பிறகு 0.58 ஆகிவிட்டது.

ஒரே பிழை யென்னில் சிறிதாகவும் வோனில் பெரிதாகவும் தெரிவது ஏன்? 0.5835-இல் வெட்டுப்பட்டது 0.0035, அது மொத்தத்தில் 0.6 சதவீதம். 0.0635-இலும் வெட்டுப்பட்டது அதே 0.0035தான். ஆனால் வோனின் மதிப்பே சிறியது என்பதால் அது 5.5 சதவீதம் ஆகிவிடுகிறது. நாணயத்தின் மதிப்பு எவ்வளவு சிறியதோ, இரண்டு தசமத்தில் வெட்டுவது அவ்வளவு ஆழமாக இறங்கும்.

நூறு மடங்கு தவறைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. பத்து லட்சம் பத்து கோடி ஆனால் யாருக்கும் கண்ணில் படும், உங்களுக்கும் பட்டது. அதைத் திருத்தும் அவசரத்தில் நுழையும் இந்த 5 சதவீதப் பிழைதான் ஆபத்தானது. பார்த்தால் நியாயமான தொகைபோலவே இருக்கும். வரியைச் சுங்கத்துறை சரியான மதிப்பின்மீது வாங்கிவிடும். நீங்களோ குறைந்த மதிப்பை வைத்து அடக்கவிலை போடுவீர்கள். கொள்முதலை 7,62,000 என்று பதிவு செய்துவிட்டு வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது எட்டு லட்சத்தை ஒட்டிய தொகை போகும். அந்த வித்தியாசம் புத்தகத்தில் ‘அந்நியச் செலாவணி நஷ்டம்’ என்று போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையில் செலாவணி அசைந்திருக்கவே வேண்டாம். வருடக் கடைசியில் அந்தத் தலைப்பைப் பார்ப்பவர் வோன் விலை ஏறியது என்றுதான் நினைப்பார்.

நூறு அலகுக்கு ரேட் சொல்லும் வழக்கமே இந்த வெட்டைத் தவிர்க்கத்தான். நம் சுங்கத்துறை விகிதங்கள் ஐந்து பைசாவின் மடங்காகத் திருத்தப்பட்டு வெளியாகின்றன. ஒரு வோனுக்கு விகிதம் சொல்லி அதை ஐந்து பைசாவுக்குத் திருத்தினால் 0.0635 என்பது 0.05 ஆகிவிடும், ஒரு யென் 0.60 ஆகிவிடும். நூறு வோனுக்குச் சொல்லும்போது 6.35 என்று முழுதாக நிற்கிறது. பட்டியல் போட்டவர்கள் காப்பாற்றித் தந்த இலக்கங்களை நாம் வகுத்து எழுதும்போது தொலைத்துவிடுகிறோம்.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எக்செல் கட்டத்தில் 0.06 என்று தெரிவதாலேயே உள்ளே 0.06 இருக்கிறது என்று ஆகாது. `=6.35/100` என்று இருந்து, கட்டம் இரண்டு தசமம் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தால், கண்ணுக்கு 0.06 தெரியும், கணக்கு 0.0635-இல்தான் நடக்கும். கட்டத்தைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கேயும் வெறும் 0.06 இருந்தால் கையால் அடித்தது என்று அர்த்தம். உங்கள் தொகை மிச்சமில்லாமல் வகுபடுவதால் அப்படித்தான் இருக்க வேண்டும், அல்லது விகிதத்தின்மீது ஒரு `ROUND` உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி ஷீட்டை மாற்றும் முறை. ‘ஒன்றுக்கு ரேட்’ என்ற பத்தியை அழித்துவிடுங்கள். Rates என்று தனித் தாள் வைத்து அதில் மூன்று பத்திகள் போடுங்கள்: நாணயக் குறி, எத்தனை அலகுக்கு, பட்டியலில் உள்ள விகிதம். USD வரியில் அலகு 1. JPY, KRW வரிகளில் அலகு 100. விகிதத்தைப் பட்டியலில் இருப்பதுபோலவே, ஒரு இலக்கமும் மாற்றாமல் எழுதுங்கள். இன்வாய்ஸ் தாளில் A2-இல் நாணயக் குறி, B2-இல் தொகை இருந்தால் ரூபாய் மதிப்புக்கு:

```
=ROUND(B2*VLOOKUP(A2,Rates!A:C,3,0)/VLOOKUP(A2,Rates!A:C,2,0),2)
```

முதலில் பெருக்கல், பிறகு அலகால் வகுத்தல், கடைசியில் ஒரே ஒருமுறை ரூபாய்த் தொகையைப் பைசாவுக்கு முழுமையாக்கல். விகிதத்தை எந்த இடத்திலும் முழுமையாக்குவதில்லை. உங்கள் வோன் இன்வாய்ஸை இதில் போட்டால் 1,27,00,000 × 6.35 ÷ 100 = 8,06,450 என்று சுங்கக் கணக்கோடு அச்சாகப் பொருந்தும். யென்னும் 10,76,557.50-க்கு வந்துவிடும்.

அலகுக்குத் தனிப் பத்தி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நாளை புதிய நாணயம் ஒன்றைச் சேர்த்து, அலகு எழுத மறந்தால் `#DIV/0!` என்று நிற்கும். தவறான தொகையைக் காட்டிலும் பிழைச்செய்தி எவ்வளவோ மேல். செக் தேசிய வங்கி தன் தினசரிப் பட்டியலிலேயே அளவுக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறது. டாலருக்கு 1, யென்னுக்கும் நம் ரூபாய்க்கும் 100, இந்தோனேசிய ருபியாவுக்கு 1000. எல்லாப் பட்டியல்களும் இப்படி இருந்தால் பாதித் தொல்லை இருக்காது.

அந்த அலகு எண்ணை மனப்பாடமாக எழுதாதீர்கள். எந்தப் பட்டியலிலிருந்து விகிதம் எடுக்கிறீர்களோ, அதன் தலைப்பைப் படித்து எழுதுங்கள். நம் சுங்கப் பட்டியலில் யென்னும் வோனும் நூறு அலகுக்கு. டாலர், யூரோ, பவுண்டு போன்றவை ஒன்றுக்கு. சில வங்கிகளின் ரேட் தாளில் தாய்லாந்து பாட்டும் நூற்றுக்கு வரும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பட்டியலில் யென், இந்திய ரூபாய் மட்டுமல்ல, மலேசிய ரிங்கிட்கூட நூறு அலகுக்குத்தான். ‘மதிப்புக் குறைந்த நாணயம் என்றால் நூறு’ என்று நாமாக ஒரு விதி வைத்துக்கொண்டால் ரிங்கிட்டில் மாட்டிக்கொள்வோம்.

தலைப்பு கிழிந்தோ, வாட்ஸ்அப்பில் பாதி மட்டும் வந்தோ அலகு தெரியவில்லை என்றால், டாலர் வழியாகப் பார்த்துவிடலாம். ஒரு டாலர் 88 ரூபாய், அதே டாலர் 1,385 வோன் என்று வைத்துக்கொள்வோம். 88 ÷ 1,385 = 0.0635. கையில் உள்ள தாளில் 6.35 என்று இருந்தால் அது நூறு வோனுக்கு என்பதில் சந்தேகமே இல்லை. டாலருக்கு 151 யென் என்றால் 88 ÷ 151 = 0.583; தாளில் 58 சொச்சம் இருந்தால் அதுவும் நூற்றுக்கே. வோன் விகிதத்துக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. யென்னின் 58-ஐ ஒரு யென்னுக்கு என்று படித்தால் உறுத்தும், 6.35 என்பதோ ‘ஒரு வோன் ஆறு ரூபாயோ’ என்று நம்பும்படி இருக்கும். ஆனால் இது அலகைக் கண்டுபிடிக்க மட்டுமே. சந்தை விலையும் சுங்க விகிதமும் சில சதவீதம் தள்ளியே இருக்கும் என்பதால் இதை வைத்துக் கணக்கை முடிக்கக் கூடாது.

ஷீட்டைத் திருத்திய பிறகும் எப்போதாவது வித்தியாசம் வந்தால், முதலில் செய்ததையே செய்யுங்கள்: ரூபாயை வெளிநாட்டுத் தொகையால் வகுத்து, நூறால் பெருக்கி, எந்த விகிதம் உள்ளே ஓடியது என்று பாருங்கள். சரியாக நூறு மடங்கு தள்ளியிருந்தால் அலகுப் பிழை. 6.00, 58.00 என்று மொட்டையாக வந்தால் தசமத்தை வெட்டிய பிழை. 6.10 போலப் பட்டியலில் வரக்கூடிய ஓர் எண்ணாக வந்தால் வேறு பத்தியையோ வேறு தேதியையோ எடுத்திருக்கிறீர்கள். சுங்க விகிதத்தில் இறக்குமதிக்கு ஒரு பத்தி, ஏற்றுமதிக்கு ஒரு பத்தி உண்டு. ஏற்றுமதி விகிதம் குறைவாக இருக்கும். ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஊரில் அந்தப் பத்தியில் கை பழகியிருக்க வாய்ப்பு அதிகம். தேதியைப் பொறுத்தவரை, மாதத்தின் முதல், மூன்றாம் வியாழக்கிழமைகளில் மாலையில் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் புதிய விகிதம் வரும். அடுத்த நாள் முதல் அது நடப்புக்கு வரும். இறக்குமதிக்குப் பொருந்துவது இன்வாய்ஸ் தேதியின் விகிதம் அல்ல, பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளில் நடப்பில் உள்ள விகிதம்.

பழைய இன்வாய்ஸ்களையும் எடுத்துப் பாருங்கள். அடக்கவிலையை மாற்ற வேண்டியவை வோன் இன்வாய்ஸ்கள்தான். அவற்றை முதலில் எடுங்கள். யென் இன்வாய்ஸ்களில் ‘கட்டணம்’ என்று ஒதுக்கிய தொகைகளை அந்தந்தக் கொள்முதலோடு திரும்பச் சேர்த்துவிட்டு, செலாவணி நஷ்டத் தலைப்பில் மிச்சம் என்ன நிற்கிறது என்று உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.