யார் பேசுகிறார் என்பது தெளிவாக: கதை வரைவில் உரையாடலை அமைக்கும் முறை

கேள்வி: நாவல் வரைவு ஒன்றை முடித்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர், பல இடங்களில் யார் பேசுகிறார் என்றே தெரியவில்லை என்கிறார். மேற்கோள் குறியும் ஓரிடத்தில் ஒற்றை, ஓரிடத்தில் இரட்டை என்று கலந்து கிடக்கிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பதில்: பத்தியிலிருந்து தொடங்குங்கள், குறிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்திகள் சரியாகப் பிரிந்துவிட்டால் பேசுபவர் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி தானாகவே நீங்கிவிடும். பிரியாத பத்தியில் எத்தனை ‘என்றான்’, ‘என்றாள்’ சேர்த்தாலும் தெளிவு வருவதில்லை. வரைவுகளில் நான் அடிக்கடி காணும் வகையில் அமைந்த ஒரு பத்தியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

> ரகு உள்ளே வந்ததும் அம்மா, "சாவி எங்கடா." என்று கேட்டாள். 'அதான் ஆணியில மாட்டியிருக்கே' என்றான். செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "ஆணியில இல்ல. நான் இப்பதான் பாத்தேன்." என்றாள். "நல்லாப் பாத்தியா"? என்றாள். "நான் என்ன பொய்யா சொல்றேன்" என்று சலித்துக்கொண்டாள். ரகு சட்டைப் பையைத் தடவினான்.

‘என்றான்’, ‘என்றாள்’ போன்ற தமிழ் வினைமுற்று பேசுபவர் ஆணா பெண்ணா என்பதையும், கதைசொல்லி அவருக்குத் தரும் மரியாதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அதனால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசும் காட்சியில் பெயரே இல்லாமல் ‘என்றான்’, ‘என்றாள்’ என்று எழுதிக்கொண்டு போக முடிகிறது. அந்த வசதிக்குப் பழகிய கை, அதே காட்சிக்குள் இரண்டாவது பெண் வந்த பிறகும் அப்படியே எழுதிவிடுகிறது. மேலே உள்ள பத்தியில் ‘நல்லாப் பாத்தியா’ என்பதைக் கேட்டவள் அம்மாவா, செல்வியா என்று வாசகர் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் நண்பர் தடுமாறிய இடங்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அவற்றில் பல, ஒரே விகுதி பெறும் இருவர் பேசும் காட்சிகளாக இருக்கக்கூடும்.

இதே பகுதியைப் பிரித்து எழுதினால் இப்படி அமையும்:

> ரகு உள்ளே வந்தான்.
>
> “சாவி எங்கடா?” என்று கேட்டாள் அம்மா.
>
> “அதான் ஆணியில மாட்டியிருக்கே!”
>
> அடுப்படியிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள். “ஆணியில இல்ல. நான் இப்பதான் பாத்தேன்.”
>
> “நல்லாப் பாத்தியா?” என்றாள் அம்மா.
>
> “நான் என்ன பொய்யா சொல்றேன்?”
>
> ரகு சட்டைப் பையைத் தடவினான்.

பேசுபவர் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய பத்தி தொடங்குகிறது என்பது பார்த்தவுடனே தெரியும். அதைவிட முக்கியமானது, ஒருவரின் செயலும் அவருடைய பேச்சும் ஒரே பத்தியில் இருக்க வேண்டும் என்பது. செல்வி எட்டிப் பார்த்தாள் என்ற வாக்கியத்தை ஒட்டியே அவள் பேச்சு வருவதால் அங்கே ‘என்றாள்’ தேவைப்படவில்லை. கடைசி வரியில் ரகு சட்டைப் பையைத் தடவுவதைச் செல்வியின் பேச்சோடு ஒரே பத்தியில் வைத்திருந்தால், ‘நான் என்ன பொய்யா சொல்றேன்’ என்றது ரகுவோ என்ற ஐயம் எழுந்திருக்கும்.

ரகுவின் பதிலுக்கும் குறிப்பு இல்லை. அம்மா ‘எங்கடா’ என்று கேட்டதால் கேள்வி யாருக்கு என்பது அந்த ‘டா’விலேயே தெரிந்துவிட்டது. அண்ணே, அக்கா, டீ, ங்க என்று நம் பேச்சில் இயல்பாக வரும் விளிகளும் விகுதிகளும் பேசுபவரைக் காட்டும் வேலையைச் செய்கின்றன. ஆயினும் இருவர் மாறி மாறிப் பேசும்போது நான்கைந்து வரிகளுக்கு ஒரு முறையேனும் பெயரையோ ஒரு செயலையோ வைப்பது நல்லது. மூவர் இருந்தால் அதற்கும் குறைவான இடைவெளியில் வையுங்கள்.

தமிழில் ‘என்றான்’ பேச்சுக்குப் பின்னால் வருவதால், ஐந்தாறு வாக்கியங்கள் நீளும் பேச்சில் பேசியவர் யார் என்பது கடைசியில்தான் தெரியவரும். அத்தகைய இடத்தில் செல்விக்குச் செய்ததுபோல ஆளின் செயலை முன்னால் வைக்கலாம். அல்லது முதல் சிறு வாக்கியம் முடிந்தவுடன் ‘என்றாள் அம்மா’ என்று சொல்லிவிட்டு மீதிப் பேச்சைத் தொடரலாம். ‘அம்மா’ என்று தொடங்கிப் பேச்சை நடுவில் வைத்து ‘என்று கேட்டாள்’ என முடிக்கும் அமைப்பு ஓரிரு வாக்கியப் பேச்சுக்கு மட்டுமே பொருந்துகிறது. ஒருவர் பேச்சே பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறியை இடுங்கள். மூடும் குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும் வரட்டும்.

குறிகளில் நான் பரிந்துரைப்பது இதுதான்: பேச்சுக்கு இரட்டை மேற்கோள், பேச்சுக்குள் வரும் பிறர் சொல்லுக்கும் மனத்துக்குள் நினைப்பதற்கும் ஒற்றை மேற்கோள். கேள்விக்குறியும் வியப்புக்குறியும் மூடும் குறிக்கு உள்ளேதான் நிற்க வேண்டும்.

முற்றுப்புள்ளிக்குத் தனிக் கவனம் தேவை. “நான் வரல” என்றான் என்பது முழுவதும் ஒரே வாக்கியம். ‘வரல’ என்பதை அடுத்துப் புள்ளி வைத்தால் ‘என்றான்’ அறுந்து தனியே நிற்கிறது. ஆகவே பேச்சைத் தொடர்ந்து ‘என்று’, ‘என்றான்’, ‘என’ வந்தால் கடைசி வாக்கியத்துக்குப் புள்ளி வேண்டாம். அங்கே காற்புள்ளி இடும் வழக்கமும் உண்டு. பேச்சு முடிந்ததை ‘என்று’, ‘என்றான்’ போன்ற சொல்லே காட்டிவிடுவதால் நான் இடுவதில்லை. பேச்சுக்குப் பின் தனிச் செயல் வந்தால், உதாரணமாக “நான் வரல.” அவன் கதவைச் சாத்தினான் என்னும்போது, அவை இரண்டு வாக்கியங்கள், புள்ளி இருந்தே ஆக வேண்டும்.

இனி கோப்பில் செய்ய வேண்டியது. வேர்டில் எழுதியிருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தி பிரிக்க Shift+Enter தட்டியிருந்தால் அது பத்தியாகாது. இருபுறமும் சமன்செய்யும்போது அந்த வரியின் சொற்கள் அகன்று விலகிப்போவதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம். Find what பெட்டியில் `^l`, Replace with பெட்டியில் `^p` இட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அதன்பின் பேசுபவர் மாறும் இடங்களை நீங்களே படித்துப் பிரிக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

நேர்க்குறியும் வளைகுறியும் கலந்திருந்தால், AutoFormat As You Type பகுதியில் வளைகுறிக்கான தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு பெட்டிகளிலும் `"` இட்டு மாற்றுங்கள், இரட்டைக் குறிகள் எல்லாம் வளைகுறிகளாகிவிடும். இடைக்கோட்டை ஒட்டித் தொடங்கும் பேச்சில் மட்டும் திறக்கும் குறிக்குப் பதில் மூடும் குறி விழக்கூடும். அவற்றைக் கண்ணால் பாருங்கள். ஒற்றைக் குறிக்குள் இருக்கும் பேச்சுகளையும் இப்போதே இரட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக இதைத் தேடுங்கள்:

```
." என்ற
```

கிடைக்கும் ஒவ்வோர் இடத்திலும் புள்ளியை நீக்குங்கள், ஆனால் Replace All அழுத்தாதீர்கள். தயங்கி நிறுத்தும் பேச்சின் மூன்று புள்ளிகளில் ஒன்று அதனால் மறைந்துபோகும்; “இன்னும் ரெண்டு கி.மீ.” என்றான் போன்ற இடத்தில் சுருக்கத்துக்குரிய புள்ளியும் போய்விடும். ‘என’ என்று முடித்த இடங்களுக்குத் தனியாக ஒரு முறை தேட வேண்டும்.