ஒட்டுச் சொல்லை விடுங்கள், வினைமுற்றை எண்ணுங்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. தனி வாக்கியத்தைத் தொடர் வாக்கியமாகவோ கலவை வாக்கியமாகவோ மாற்றச் சொன்னால், நடுவில் ‘ஆனால்’, ‘ஆகவே’ என்று எதையாவது செருகிவிடுகிறாள். வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

பதில்: அவள் மேல் தப்பில்லை. ‘ஆகவே வந்தால் தொடர், ஆல் வந்தால் கலவை’ என்று டியூஷனில் ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். கடையில் விற்கும் கைடுகளிலும் அதே பட்டியல்தான். அதை மூடி வைத்துவிட்டு, வாக்கியத்தில் எத்தனை வினைமுற்று என்று எண்ணச் சொல்லுங்கள்.

காய்ச்சலால் மீனா பள்ளிக்கு வரவில்லை. முற்று ஒன்றே, ‘வரவில்லை’. இது தனி. ஆனால் இதில் ‘ஆல்’ இருக்கிறதே! பட்டியலை நம்பிய பிள்ளை இங்கேயே கலவை என்று எழுதிவிடும்.

மீனாவுக்குக் காய்ச்சல் அடித்தது, ஆகவே அவள் பள்ளிக்கு வரவில்லை. முற்று இரண்டு, பிரித்தாலும் ஒவ்வொன்றும் தனியே நிற்கும். இது தொடர்.

மீனாவுக்குக் காய்ச்சல் அடித்ததால் அவள் பள்ளிக்கு வரவில்லை. இங்கும் முற்று ஒன்றே. இருந்தாலும் ‘காய்ச்சல் அடித்ததால்’ என்பதில் எழுவாயும் வினையும் இருக்கின்றன, ஆனால் அது தனியே நிற்காது. இது கலவை.

முதல் வாரம் மாற்றவே வேண்டாம். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்து, முற்றுகளுக்கு அடிக்கோடு போட்டால் போதும்.

அடுத்து, இரண்டு வாக்கியங்களை இணைக்கட்டும். ‘அண்ணன் வந்தான். நான் சாப்பிட்டேன்.’ பல பிள்ளைகள் ‘அண்ணன் வந்து நான் சாப்பிட்டேன்’ என்று எழுதுவார்கள். தவறு. ‘வந்து’, ‘படித்து’ போன்ற எச்சங்கள் வந்தால் இரண்டு வேலையையும் ஒருவரே செய்திருக்க வேண்டும். ஆள் மாறினால் ‘அண்ணன் வந்ததும் நான் சாப்பிட்டேன்.’ அப்படியானால் ‘மழை பெய்து நெல் விளைந்தது’ எப்படிச் சரி என்று கேட்பாள். கேட்கட்டும். பெய்தது மழை, விளைந்தது நெல், எழுவாய் வேறுதான். ஆனால் பெய்ததே விளையக் காரணம். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்று மாற்றிப் பார்த்தால் பொருள் கெடாது. அண்ணன் வந்தது நான் சாப்பிடக் காரணமில்லை, அதனால் அங்கே இந்தச் சலுகை கிடையாது. இதை விளக்கி எழுதும் பிள்ளைக்கும் ஒரு மார்க், குருட்டாம்போக்கில் சரியாக எழுதிய பிள்ளைக்கும் ஒரு மார்க். நம் விடைக்குறிப்புகளின் லட்சணம் அது!

கடைசியாக, கலவையைத் தனியாக்குவது. கடினமான படி இதுதான். துணை வாக்கியத்தின் வினையை நீக்கி, அதை ஒரு பெயராகச் சுருக்க வேண்டும். ‘மழை நின்றதும் பிள்ளைகள் விளையாடப் போனார்கள்’ என்பது ‘மழைக்குப் பின் பிள்ளைகள் விளையாடப் போனார்கள்’ ஆகும்.

இன்றிரவு இதைக் கொடுங்கள்: ‘அவர் வறுமையில் வாடினாலும் மகனைப் படிக்க வைத்தார்.’ தொடராக்கினால் ‘அவர் வறுமையில் வாடினார், ஆனாலும் மகனைப் படிக்க வைத்தார்’ என்று வரும். தனியாக்கினால் ‘வறுமையிலும் அவர் மகனைப் படிக்க வைத்தார்.’ இரண்டாவதை எழுத அவளுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.