ஓ.டி. வட்டியில் உதைக்கும் 60 ரூபாய்

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். ஓ.டி. கணக்குக்கு வட்டி 10.95 சதவீதம். ஜூன் 30 அன்று 3 லட்சம் பாக்கி. அதற்கு ஒரு மாத வட்டி போட்டுப் பார்த்தால் 2,737 ரூபாய் வருகிறது, வங்கியோ 2,580 எடுத்திருக்கிறது. எந்தக் கணக்கு இது? என் வரவு செலவு நோட்டின் ஜூன் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: கடைசி நாளில் நின்ற பாக்கியை மாதம் முழுக்க நின்றதாக எடுத்துக்கொண்டீர்கள். வங்கி ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது என்ன பாக்கியோ அதற்கு ஒரு நாள் வட்டி போடும். காலையில் எடுத்து மாலையில் கட்டிவிட்டால் அந்தப் பணத்துக்கு வட்டியே இல்லை.

10.95 சதவீதத்தை 365 நாளுக்குப் பிரித்தால், 1 லட்சத்துக்கு நாளொன்றுக்குச் சரியாக 30 ரூபாய். இனி உங்கள் நோட்டுக்கு வருவோம். 1-ஆம் தேதி முதல் 5 வரை 2 லட்சம் பாக்கி: 5 நாள், பெருக்கினால் 10 லட்சம். மேட்டூர் திறக்கும் முன்பே லோடு இறக்க 6-ஆம் தேதி ஒன்றரை லட்சம் எடுத்தீர்கள். மூன்றரை லட்சம் 13 வரை 8 நாள்: 28 லட்சம். 14-இல் 1 லட்சம் கட்டியதால் இரண்டரை லட்சம் 23 வரை 10 நாள்: 25 லட்சம். 24-இல் மறுபடி 50,000 எடுத்து, 3 லட்சம் 7 நாள்: 21 லட்சம். நாட்களைக் கூட்டினால் 30 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு தேதியை இரண்டு முறை எண்ணியிருப்பீர்கள். பெருக்குத் தொகைகளின் கூட்டல் 84 லட்சம். 84-ஐ 30-ஆல் பெருக்கினால் 2,520.

அப்படியானால் மிச்சம் 60 ரூபாய்? 14-ஆம் தேதி வரவுக்குப் பக்கத்தில் ‘செக், சனிக்கிழமை’ என்று சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் பெட்டியில் போட்ட நாளில் எழுதினீர்கள். பணம் கணக்கில் ஏறியது திங்கள், 16 என்றால், அந்த 1 லட்சத்துக்கு இரண்டு நாள் கூடுதல் வட்டி: 60 ரூபாய். கணக்கு நேராகிவிடுகிறது. ஸ்டேட்மெண்டில் ‘வேல்யூ டேட்’ என்ற தேதியைப் பாருங்கள், 16 என்றுதான் இருக்க வேண்டும். நோட்டிலும் அந்தத் தேதியையே எழுதுங்கள். சனிக்கிழமை கையில் ரொக்கமோ யு.பி.ஐ. வரவோ இருந்தால் அதை முதலில் கட்டுவது லாபம்.

அப்புறம், ஜூலைக்குக் கணக்கு போடும்போது 3 லட்சத்தில் ஆரம்பிக்காதீர்கள். எடுத்த வட்டியும் பாக்கியில் சேர்ந்துவிட்டது. நீங்கள் கட்டும் வரை 3,02,580-க்கு வட்டி ஓடும். அறுவடைக்குப் பிறகு வசூல் வந்து கணக்கில் உங்கள் பணம் மிச்சம் நிற்கும் நாட்களைப் பூஜ்யமாக எடுங்கள். அதைப் பாக்கி நாட்களின் தொகையிலிருந்து கழிக்கக் கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் அது.