உருவுக்குக் கீழே எழுதுகிற இரண்டு வரி

விஞ்ஞான அறிக்கைகளைத் திருத்துகிறவர்களும் எழுதுகிறவர்களும் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: உருவின் தலைப்பு, அட்டவணையின் தலைப்பு, அவற்றைப் பந்தியில் சுட்டுகிற விதம். அதனால் அவற்றை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். உதாரணங்களில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. யாருடைய ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

கேள்வி: கல்லடி முதல் காத்தான்குடி வரை கரையோரக் கிணற்று நீரைச் சோதித்து எங்கள் மாணவர்கள் அறிக்கை தந்திருக்கிறார்கள். வரைபு அழகாக இருக்கிறது. ஆனால் கீழே "உரு 1: கிணற்று நீரின் முடிவுகள்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். இதற்குப் புள்ளி குறைக்கலாமா? ஒரு தலைப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

குறைக்கத்தான் வேண்டும் டீச்சர். ஆனால் நீளத்தைப் பார்த்து அல்ல. நான் திருத்தும்போது அறிக்கையின் பந்திகளை ஒரு தாளால் மூடிவிட்டு உருவையும் தலைப்பையும் மட்டும் பார்ப்பேன். எதை அளந்தார்கள், எங்கே, எப்போது, எத்தனை மாதிரி, உருவில் உள்ள ஒவ்வொரு குறியும் எதைச் சொல்கிறது என்ற ஐந்துக்கும் விடை கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். எது கிடைக்கவில்லையோ அதற்குத்தான் புள்ளி குறையும்.

உங்கள் மாணவர்களின் உருவையே எடுப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று சோடிப் பட்டைகள் இருக்கின்றன. கீழே 100, 300, 600 என்று தூரம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. பட்டைகளின் தலையில் சிறு கோடுகள். இப்போது தாளால் மூடிப் பாருங்கள். கறுப்பு எது, வெள்ளை எது? அந்தச் சிறு கோடு என்ன? 600 மீற்றர் என்றால் எதிலிருந்து 600 மீற்றர்?

கடைசிக் கேள்வி எங்கள் ஊரில் சாதாரணமானது அல்ல. காத்தான்குடிப் பக்கம் நிலம் ஒரு பக்கம் கடலுக்கும் மறு பக்கம் வாவிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது. கடலிலிருந்து விலகி நடந்தால் கொஞ்ச நேரத்தில் வாவிக் கரைக்கு வந்துவிடுவோம். வாவி நீரும் உவர்தான். ஆகவே "தூரம்" என்று மட்டும் எழுதினால், கடலை விட்டு விலகிய கிணறா, வாவியை நெருங்கிய கிணறா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. வேறு ஊர் அறிக்கையில் இதைச் சின்னக் குறை என்று விடலாம். இங்கே முடிவையே அது மாற்றிவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"உரு 1: கல்லடி முதல் காத்தான்குடி வரையான 18 திறந்த கிணறுகளில் நீரின் மின்கடத்துதிறன் (µS/cm), கடற்கரையிலிருந்து உள்ள தூரத்தின்படி. கறுப்புப் பட்டை ஆகஸ்ட், வெள்ளைப் பட்டை ஜனவரி. பட்டையின் உயரம் 6 கிணறுகளின் இடை. கோடுகள் நியம விலகல்."

நான்கு வசனம்தான். இதில் "கடலுக்கு அருகில் உப்பு அதிகம்" என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். சில ஆய்விதழ்கள் முடிவையே தலைப்பில் எழுத விடுகின்றன. ஆனால் பாடசாலை அறிக்கையில் தலைப்பு அளந்ததைச் சொல்லட்டும், கண்டதைப் பந்தி சொல்லட்டும். அப்போதுதான் பிள்ளைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

கேள்வி: சேர், "உரு 1 முடிவுகளைக் காட்டுகிறது" என்று நான் எழுதிய எல்லா இடத்தையும் மேற்பார்வையாளர் சிவப்பால் வட்டமிட்டார். சரி என்று எல்லா எண்களையும் பந்தியில் எழுதினேன். இப்போது "அட்டவணையைத் திரும்ப ஒப்புவிக்காதே" என்கிறார். அப்படியென்றால் நான் என்னதான் எழுதுவது? (மாணவி, வந்தாறுமூலை)

இரண்டு முறையும் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தங்கச்சி. ஆனால் நடுவில் உள்ள வழியைக் காட்டாமல் விட்டுவிட்டார்.

மேலே சொன்ன கிணறுகளையே எடுப்போம். ஆகஸ்ட் வறட்சியில் 100 மீற்றரில் இடை 2450, 300 மீற்றரில் 1380, 600 மீற்றரில் 910. மழைக்குப் பின் ஜனவரியில் அவை 1320, 1010, 880. ஆறு எண்களையும் பந்தியில் வரிசையாக எழுதினால் அது ஒப்புவிப்பு. "முடிவுகள் உரு 1 இல் உள்ளன" என்று நிறுத்தினால் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆறு எண்களும் சேர்ந்து எதைச் சொல்கின்றன என்று முதலில் பாருங்கள். கடலை விட்டு விலக விலக எண் குறைகிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். அதை விடப் பெறுமதியானது இன்னொன்று: மழையால் வரும் மாற்றம் கரையோரத்தில்தான் பெரிது. 100 மீற்றரில் 1130 குறைந்திருக்கிறது, அதாவது 46 வீதம். 600 மீற்றரில் குறைந்தது வெறும் 30, ஏறத்தாழ 3 வீதம்.

அப்போது வசனம் இப்படி வரும்: "மழைக்குப் பின் மின்கடத்துதிறன் எல்லாத் தூரத்திலும் குறைந்தது. ஆனால் 100 மீற்றரில் 46 வீதம் குறைய, 600 மீற்றரில் 3 வீதமே குறைந்தது (உரு 1)."

நீங்கள் கண்டதுதான் வசனம். உருவின் எண் அதற்குச் சாட்சியாக அடைப்புக்குறிக்குள் வருகிறது. எழுதியது சரியா என்று பார்க்க "(உரு 1)" என்பதை விரலால் மறையுங்கள். வசனம் இன்னும் ஒரு செய்தியைச் சொன்னால் சரி. "முடிவுகளைக் காட்டுகிறது" என்பதில் உருவை மறைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தச் சிவப்பு வட்டம்.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் அனுப்பிய பந்தியில் "கடல்நீர் உட்புகுவதால் கரையோரக் கிணறுகள் உவராகின (உரு 1)" என்று ஒரு வசனம் இருக்கிறது. உரு 1 அதைக் காட்டவில்லை. மின்கடத்துதிறன் நீரில் கரைந்திருக்கும் அயன்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்லும். அவை கடலிலிருந்து வந்தவையா, வாவியிலிருந்து வந்தவையா, பக்கத்து மலசலகூடக் குழியிலிருந்து வந்தவையா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. இந்தக் கருத்தைக் கலந்துரையாடல் பகுதியில் "இருக்கலாம்" என்ற சொல்லோடு எழுதுங்கள். அங்கே உரு எண்ணைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லும் வசனத்துக்குப் பின்னால் உரு எண் நின்றால் நான் எப்போதும் நின்று பார்ப்பேன். அங்கேதான் அதிகம் பிழைக்கிறது.

கடைசியாக, ஒரு பென்சிலை எடுத்துப் பந்தியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அட்டவணையில் தேடி, கண்டவுடன் இரண்டு இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழாத எண் எங்கிருந்தோ வந்தது. பெரும்பாலும் பழைய கணக்கிலிருந்து மிஞ்சியதாக இருக்கும். சுருக்கத்தில் "பாதியாகக் குறைந்தது" என்றும் முடிவுகளில் 46 வீதம் என்றும் இருந்தால், "ஏறத்தாழ பாதி" என்று திருத்தினால் போதும்.

கேள்வி: இரண்டு உர முறைகளில் நெல் விளைச்சலை ஒப்பிட்டோம். பட்டை மேல் உள்ள கோடுகள் நீளமாக இருந்தபோது நண்பர் நியம வழுவைப் போடச் சொன்னார். கோடுகள் சிறிதாகி உரு நன்றாகிவிட்டது. இது சரியா? (அக்கரைப்பற்று)

நியம வழுவைப் போடுவது குற்றமல்ல. தலைப்பில் அதைச் சொல்லாமல் விடுவதும், உரு அழகாக வேண்டும் என்பதற்காக அதைத் தெரிவதும்தான் பிழை. நியம விலகல் நிலத்துண்டுக்கு நிலத்துண்டு விளைச்சல் எவ்வளவு மாறியது என்று சொல்கிறது. நியம வழு உங்கள் இடை எவ்வளவு நம்பகமானது என்று சொல்கிறது. வெறுமனே "±" என்று மட்டும் போட்ட தலைப்பை நான் திருப்பி அனுப்புவேன்.

நீங்கள் அனுப்பிய தலைப்பில் எனக்கு அதிகம் கவலை தந்தது, மாதிரிகளின் எண்ணிக்கையை "n = 40" என்று போட்டிருப்பது. ஒவ்வொரு முறைக்கும் நான்கு நிலத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் அறுவடை செய்து நிறுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உரம் போட்டது நிலத்துண்டுக்கு. ஆகவே n என்பது 4. ஒரே துண்டில் எடுத்த பத்து மாதிரிகளும் ஒரே மண், ஒரே வாய்க்கால் நீர். அவற்றைப் பத்துத் தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது. முதலில் துண்டுக்கு ஓர் இடை எடுங்கள், பிறகு அந்த நான்கு இடைகளை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு முறையின் இடை ஹெக்டயருக்கு 4.6 தொன், மற்றதன் இடை 5.1, இரண்டின் நியம விலகலும் 0.8 என்று வைத்துக்கொள்வோம். நியம வழு என்பது நியம விலகலை n இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. n = 4 என்றால் அது 0.4. அதே 0.8 ஐ n = 40 என்று வகுத்தால் 0.13 ஆகிவிடும். முதல் கணக்கில் இரண்டு பட்டைகளின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இரண்டாவதில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. வயலில் ஒன்றும் மாறவில்லை, தலைப்பில் உள்ள ஓர் எண்தான் மாறியது.

பந்தியிலும் அதற்கேற்ப எழுதுங்கள்: "இரண்டாம் முறையில் விளைச்சல் 0.5 தொன் கூடுதலாக இருந்தது. ஆனால் ஒரே முறைக்குள் நிலத்துண்டுகளுக்கிடையே இருந்த வேறுபாடு அதைவிடப் பெரியது (அட்டவணை 2)." புள்ளிவிபரச் சோதனை செய்யாமல் "கருதத்தக்க அளவு கூடியது" என்று எழுத வேண்டாம். எந்தப் போகம் என்பதையும் தலைப்பில் போடுங்கள். மழையோடு செய்யும் பெரும்போகத்தையும் குளத்து நீரை நம்பும் சிறுபோகத்தையும் ஒரே பட்டையாக வாசிக்க முடியாது.

கேள்வி: தலைப்பு மேலேயா கீழேயா? (கல்முனை)

வழக்கம் அட்டவணைக்கு மேலே, உருவுக்குக் கீழே. உங்கள் துறை வேறு விதமாகக் கேட்டால் அப்படியே செய்யுங்கள். அறிக்கை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும், இதற்காக நான் புள்ளி குறைப்பதில்லை.

கேள்வி: நடுவில் ஓர் உருவைச் சேர்த்ததும் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் பிழைத்துவிட்டன. கையால் மாற்றி மாற்றிக் களைத்துவிட்டேன். (ஒலுவில்)

எண்ணைக் கையால் தட்டச்சு செய்ததுதான் காரணம். Word இல் References பகுதியில் உள்ள Insert Caption மூலம் தலைப்பைப் போடுங்கள். அங்கே New Label என்பதில் "உரு" என்று ஒருமுறை கொடுத்தால் பிறகு தமிழிலேயே வரும். பந்தியில் சுட்டும்போது Cross-reference ஐத் திறந்து Only label and number ஐத் தெரிய வேண்டும். Entire caption என்று விட்டால் முழுத் தலைப்பும் வசனத்துக்குள் வந்து விழும். எல்லாம் முடிந்ததும் Ctrl+A, பிறகு F9. அதன்பின் ஆவணத்தில் "Error!" என்று தேடுங்கள். நீங்கள் அழித்துவிட்ட ஓர் உருவை எந்த வசனமாவது இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அது தென்படும்.

எந்தக் கணினியும் கண்டுபிடிக்காத ஒன்றும் இருக்கிறது: பந்தியில் எங்கேயும் பேசப்படாத உரு. ஒவ்வோர் உருவையும் ஒரு வசனமாவது சுட்ட வேண்டும், உரு 2 க்கு முன்பு உரு 1 பேசப்பட்டிருக்க வேண்டும். சுட்டவே மனம் வராத உரு என்றால் அதை எடுத்துவிடலாம்.

கேள்வி: வாவியில் எடுத்த மிதவையுயிர்களின் நுணுக்குக்காட்டிப் படத்துக்கு "400 மடங்கு உருப்பெருக்கம்" என்று எழுதினால் போதுமா? (மட்டக்களப்பு நகர்)

போதாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அது 400 மடங்கு. படத்தை இழுத்துச் சிறிதாக்கி பக்கத்தில் ஒட்டியபோதே அந்த எண் பொய்யாகிவிட்டது. படத்துக்குள்ளேயே ஓர் அளவுக்கோட்டை வரைந்து, தலைப்பில் "அளவுக்கோடு 50 µm" என்பது போல எழுதுங்கள். படம் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும். கோட்டின் நீளத்தை அளவிட, அதே வில்லையில் மேடை மைக்ரோமானியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுத்த இடத்தையும் திகதியையும் அதே தலைப்பில் சேருங்கள். முகத்துவாரம் திறந்திருக்கும்போது எடுத்த நீரும் மூடியிருக்கும்போது எடுத்த நீரும் ஒன்றல்ல.