உர மூட்டைக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது எங்கே தப்பு நடக்கிறது?

கேள்வி: யூரியா மூட்டையோடு வரும் ஆங்கிலக் குறிப்பை எங்கள் ஊர் சிறு விவசாயிகளுக்குத் தமிழில் எழுதித் தரச் சொல்கிறார்கள். அளவு, நேரம், எச்சரிக்கை எதுவும் பிசகாமல் எப்படி எழுதுவது?

முதல் தடவை இந்த வேலையைச் செய்தபோது நான் எழுதியது இது: "ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்தை கதிர் வரும் பருவத்தில் இடவும்." அச்சுக்குப் போகுமுன் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். டெல்டாவில் இரண்டு மா நிலம் வைத்து நெல் போடுகிறவர். "30 கிலோ யூரியாவா? எனக்கு எவ்வளவுப்பா வரும்?" என்று கேட்டார். அந்த ஒரு வரியில் மூன்று இடத்தில் தடுமாற வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் இடம், சத்துக்கும் உரத்துக்கும் உள்ள வித்தியாசம். தாளில் N என்று இருந்தால் அது தழைச்சத்தின் எடை, உரத்தின் எடை இல்லை. 100 கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோதான். ஆக 30 கிலோ சத்துக்கு 30-ஐ 46-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 65 கிலோ யூரியா வேண்டும். 30 கிலோ யூரியாவைப் போட்டால் பாதிச் சத்துகூடப் போகாது.

இரண்டாவது, நில அளவு. 65 கிலோ என்பது ஹெக்டேருக்கு. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதனால் ஏக்கருக்கு 26 கிலோ. ஒரு மா என்பது 33 சென்ட் அளவு, அதற்கு எட்டே முக்கால் கிலோ. பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியது "பதினேழரை கிலோ" என்பதுதான். எங்கள் பக்கம் மா, வேறு பக்கம் சென்ட், குழி. உங்கள் ஊரில் எது புழங்குகிறதோ அதில் கணக்குப் போட்டே எழுதுங்கள், வகுக்கும் வேலையை வயலில் நிற்கிறவர் தலையில் கட்டாதீர்கள்.

இங்கேயே இன்னொன்று. "அரை மூட்டை" என்று எழுதவே கூடாது. 2018 வரை யூரியா மூட்டை 50 கிலோ, இப்போது 45 கிலோ. வயதானவர்கள் மனதில் அரை மூட்டை என்றால் இன்னமும் 25 கிலோதான். ஏக்கருக்கு ஒரு மூட்டை என்று வாய்வழக்கில் சொல்வதும் உண்டு. மேலே உள்ள கணக்குக்கு அது ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல். பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும், அப்புறம் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், கதிர் பிடித்ததும் சாய்ந்துவிடும். எல்லார் வீட்டிலும் தராசு இருக்காது. அதனால் "ஒரு பக்கெட்டில் உரத்தை நிரப்பி மளிகைக் கடையில் ஒரு தடவை எடை போட்டு, உள்ளே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

மூன்றாவது இடம்தான் ரொம்ப மோசமானது. ஆங்கிலத்தில் இருந்தது, தண்டுக்குள் இளங்கதிர் உருவாகத் தொடங்கும் நேரம். நான் "கதிர் வரும் பருவம்" என்று எழுதிவிட்டேன். அதைப் படிக்கிறவர் கதிர் வெளியே தெரியும் வரை காத்திருப்பார், சுமார் 30 நாள் தாமதம். இதற்கு நம்மிடம் "பஞ்சு கட்டும் பருவம்" என்ற சொல் இருக்கிறது. அடையாளத்தையும் எழுதிவிட்டால் சந்தேகம் வராது: முக்கியத் தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். கணுவுக்கு மேலே வெள்ளையாக, பஞ்சு முனை மாதிரி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தெரிந்தால் அதுதான் நேரம். நாள் கணக்கும் கொடுக்கலாம், ஆனால் "விதைத்த நாளிலிருந்து", "நட்ட நாளிலிருந்து" என்பதைத் தெளிவாகப் போடுங்கள். நாற்றங்கால் நாட்கள் முழுக்க அதில்தான் தொலைகின்றன.

எச்சரிக்கைப் பகுதியில் சொல்லுக்குச் சொல் போனால் ஒன்றும் விளங்காது. மூட்டையில் கொக்கி போடாதீர்கள் என்று இருக்கும். கொக்கி குத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து உரம் கட்டியாகிவிடும் என்று காரணத்தையும் சேருங்கள். தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கச் சொல்வதும் இந்த ஈரத்துக்காகத்தான்.

"விழுங்கினால் தீங்கு" என்ற வரியை நான் அப்படியே விடவில்லை. யூரியா கலந்த தண்ணீரை மாடு குடித்தால் வயிறு உப்பி, நடுக்கம் எடுத்து, சில மணி நேரத்தில் செத்துப்போகும். அதனால் கடைசியில் இப்படி எழுதினேன்:

"பஞ்சு கட்டும்போது மாவுக்கு எட்டே முக்கால் கிலோ யூரியா. வயல் தண்ணீரை வடித்துவிட்டு, இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் தூவவும். உரம் கலந்த வாளியை மாடு வாய் வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். காலிச் சாக்கில் தவிடு, பிண்ணாக்கு கட்டாதீர்கள்."

இதைப் படித்துவிட்டுப் பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய், மாட்டுக் கொட்டகையில் தவிடு கட்டி வைத்திருந்த யூரியாச் சாக்கை அவிழ்த்தார்.