நுகர்வோர் கேள்வி-பதில்: பார்க்கிங் சீட்டு தொலைந்தால்

மாலில் காரை மாலை 4.10-க்கு விட்டு 7.20-க்கு எடுத்தேன். மணிக்கு 40 ரூபாய். சீட்டு தொலைந்துவிட்டதால் 500 வாங்கினார்கள். புட் கோர்ட் பில் 4.35-க்கு இருக்கிறது. மீதியைத் திரும்பக் கேட்க முடியுமா?

முடியும். நான்காவது மணி தொடங்கிவிட்டதால் உங்கள் கணக்கு 160. தகராறு 340 ரூபாய்க்கு. ஆனால் புட் கோர்ட் பில் நீங்கள் அங்கே இருந்ததைத்தான் சொல்லும், கார் எப்போது நுழைந்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது நுழைவாயில் கேமராதான். பல மால்களில் கார் நுழையும்போதே நம்பர் பிளேட்டைப் படமெடுத்து நேரத்தோடு பதிந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவை ஒரு நிமிடம் தேடிப் பார்க்காமல், சீட்டு இல்லையா, 500 எடு என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம். சீட்டுத் தாளின் விலையா 340 ரூபாய்?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74 இதற்குப் பொருந்தும். பலகையில் எழுதிய அபராதம் உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கலாம். எனவே மால் நிர்வாகத்துக்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள். வண்டி எண், தேதி, நேரம் எழுதி, நுழைவுப் பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேமராப் பதிவுகள் கொஞ்ச நாளில் மேலெழுதப்படும், தாமதித்தால் போச்சு. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

500-க்கு ரசீது வாங்கினீர்களா? நான் ஒருமுறை விமான நிலையத்தில், பின்னால் ஹாரன் அடித்தார்கள் என்று, ரசீது இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் புகார் செய்தபோது, பணம் கட்டியதற்கே ஆதாரம் இல்லை என்றார்கள். ஆகவே எவ்வளவு நெரிசலானாலும், நேரமும் ‘சீட்டு தொலைந்தது’ என்ற காரணமும் போட்ட ரசீது கைக்கு வராமல் நகராதீர்கள்.

விமான நிலையத்தில் மூன்று நாள் கார் நின்றது. சீட்டு இல்லை. ஒரு நாள் என்று சொல்லி ஒரு நாளுக்கு மட்டும் கட்டலாமா?

கூடாது. மூன்று நாளுக்கும் கட்டுங்கள்.

சீட்டைத் தொலைத்ததற்கு ஆர்.சி.யைக் காட்டச் சொன்னார்கள். நான் என்ன திருடனா?

நீங்கள் திருடன் இல்லை என்பது காவலாளிக்கு எப்படித் தெரியும்? சீட்டில்லாமல் வருகிற யாரும் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்தச் சோதனை. டிஜிலாக்கரில் ஆர்.சி.யைக் காட்டுங்கள், போதும். அசலை வைத்துக்கொள்ளக் கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். அப்புறம், சீட்டை டேஷ்போர்டில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கண்ணாடியை உடைப்பவனுக்குக் காரோடு சீட்டும் கிடைத்துவிடும். வெயிலில் அந்த வெப்பத்தாள் கறுத்துப்போனால் நேரத்தையும் படிக்க முடியாது. வாங்கிய கையோடு போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, சீட்டைப் பர்சில் வையுங்கள்.